நொட்டாங்கைக் காஜா

கோட்டை மேஜையில் போட்டுவிட்டு, "கை கொஞ்சம் நீளமா இருக்குக்கா, குறைச்சுக் குடுக்கணும்" என்று சாதாரணமாகச் சொன்னான் அந்தப் பையன். ஏதோ பேன்ட் அடியை மடித்துத் தைக்கச் சொல்வதுபோல. கோட்டுக் கையைக் குறைப்பது என்ன வேலை என்று தெரிந்திருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அப்புறம் மெதுவாகச் சொல்லியிருப்பான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் முகத்தில் அறைகிற மாதிரி முதல் வார்த்தையே பேசாதே என்று என் வீட்டுக்காரர் பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டாவது வார்த்தையில் பேசிக்கொள்ளலாம் என்று நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

"போட்டுக் காட்டு" என்றேன்.

போட்டான். நல்ல கோட்டு. அடர்ந்த நீலம். தோளில் ஒரு சுருக்கம் கிடையாது. முதுகு வழுக்கிக்கொண்டு இறங்கியது. காலர் கழுத்தைத் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருந்தது. கை மட்டும் விரல் முட்டி வரைக்கும் வந்து, அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி அவனை நிற்க வைத்திருந்தது. உடம்பு இவ்வளவு பொருத்தமாக இருக்கிற கோட்டில் கை மட்டும் இப்படியா? அப்போதே எனக்கு மூக்கு வியர்த்தது.

"எங்க வாங்கினது?"

"என் மாமனார் வாங்கிக் குடுத்தது. கல்யாணத்துக்கு. அடுத்த வாரம்." சொல்லும்போதே அவன் கோட்டின் மார்பைத் திறந்து உள்ளே காட்டினான். உள்பைக்கு மேலே பளபளவென்று ஒரு லேபிள். பெரிய கம்பெனி. ஊரெல்லாம் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் தலையில்லாத பொம்மைகளுக்குக் கோட்டு மாட்டி நிற்க வைத்திருக்கிற கம்பெனி. பேரை நான் சொல்லப்போவதில்லை, எனக்கு எதற்கு வம்பு.

"அவர்கிட்டயே சொல்லி மாத்தி வாங்கிக்கலாமே?"

"ஐயோ, வேண்டாம்க்கா. ஆசையா வாங்கிக் குடுத்திருக்கார். கை நீளம்னு சொன்னா குறை சொன்ன மாதிரி ஆயிடும். அதான் யாருக்கும் தெரியாம இங்க வந்தேன்."

நல்ல பிள்ளைதான். எனக்கு அப்போதே அவனைப் பிடித்துவிட்டது. அதனால்தான் பிற்பாடு அவ்வளவு தலைவலி.

கோட்டுக் கையைக் குறைக்க இரண்டு வழி உண்டு. சுலபமான வழி, கீழே மணிக்கட்டுப் பக்கம் பிரித்து, வேண்டிய அளவு உள்ளே மடித்துத் தைத்துவிடுவது. கம்பெனிக் கோட்டுகளுக்கு அது போதும். அங்கே கைப் பொத்தான்கள் வெறும் அழகுக்குத்தான். பொத்தானுக்குப் பக்கத்தில் காஜா மாதிரி நூலோட்டம் இருக்கும், ஆனால் துணி வெட்டியிருக்காது. யார் கை எவ்வளவு நீளம் என்று கம்பெனிக்குத் தெரியாதல்லவா? வாங்குகிறவன் குறைத்துக்கொள்ளட்டும் என்று திறக்காமலே விட்டுவிடுவார்கள். நூலைப் பிரித்துவிட்டால் தடயமே இருக்காது.

நான் அவன் கையைப் பிடித்துக் கடைசிப் பொத்தானைத் தள்ளினேன். கழன்றது. அடுத்ததைத் தள்ளினேன். அதுவும் கழன்றது. நான்கும் கழன்றன. வெட்டித் திறந்த நிஜக் காஜா.

ஆக, கீழிருந்து குறைக்க முடியாது. குறைத்தால் ஓட்டைகள் விளிம்புக்கு வந்துவிடும். தோளிலிருந்து கையை முழுவதுமாகப் பிரித்தெடுத்து, மேலே வெட்டிக் குறைத்து, மறுபடி ஏற்ற வேண்டும். அது ஒரு முழு நாள் வேலை, ஒரு முழு நாள் திட்டும் வேலை.

"கழட்டிக் குடு" என்று வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். பின்னாலேயே வந்தான்.

கம்பெனிக் காஜா எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். வாரத்துக்கு நாலு வரும் கடையில். மிஷின் முதலில் நூலைச் சுற்றி ஓட்டிவிட்டு, அப்புறம் நடுவில் கத்தியை இறக்கும். தைத்த பிறகு வெட்டுவதால் பிளவுக்குள்ளே துணியின் பிசிறு எட்டிப்பார்க்கும், சவரம் பண்ணாத தாடை மாதிரி. ஓட்டம் ஒரே சீராக, தட்டையாக இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடியில் வேறொரு நூல் சங்கிலி போல ஓடும்.

இதில் பிசிறே இல்லை. இது முதலில் வெட்டி, பிறகு தைத்தது. வெட்டிய ஓரத்தைப் பிரியாமல் மெல்லச் சுற்றித் தைத்து, அதன் மேல் ஒரு தடித்த நூலை ஓரமாகப் படுக்கவைத்து, அதையும் சேர்த்து அணைத்தபடி, மெழுகு தேய்த்த பட்டு நூலில் ஒவ்வொரு தையலாக எடுத்தது. ஒவ்வொரு தையலும் ஓரத்தில் ஒரு சின்ன முடிச்சாக உட்கார்ந்திருந்தது. கடுகு வரிசை மாதிரி. விரல் நுனியை ஓட்டினால் எண்ணலாம். பொத்தான் உட்காருகிற வட்ட முனையில் முடிச்சுகள் விசிறியாக விரிந்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் திரும்பியிருந்தன. அந்த வட்ட முனையில்தான் தையல்காரர்களின் வண்டவாளம் தெரியும். என்னுடையதும்.

கம்பெனியில் எவனும் உட்கார்ந்து இப்படிக் காஜா எடுக்க மாட்டான். லேபிளின் ஓரத்தைப் பார்த்தேன். அதைத் துணியோடு பிடித்த தையலுக்கு வெளியே, லேபிளில் வேறொரு வரிசை பழைய ஊசித் துளைகள் காலியாகக் கிடந்தன. வேறு ஏதோ கோட்டில் வாழ்க்கைப்பட்டு, பிரிந்து வந்த லேபிள்.

லேபிள் பொய். அதைக் காட்டிக்கொடுத்தது காஜா. அதுவும் எப்படி? மோசமாக இருந்து காட்டிக்கொடுக்கவில்லை. அளவுக்கு மீறி நன்றாக இருந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் சும்மா இருக்காமல் காஜாவை இன்னும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன். வலது கைக்காரர்கள் காஜாவை ஒரு ஓரத்தில் ஆரம்பித்து, வட்டத்தைச் சுற்றி, எதிர் ஓரத்தில் முடிப்போம். இது நேர்மாறாகப் போயிருந்தது. எதிர் ஓரத்தில் ஆரம்பம். முடிச்சுகள் சாய்ந்திருப்பதும் எதிர்ப் பக்கம். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி.

இடது கை. இந்த ஊரில் இடது கையால் கோட்டுக் காஜா எடுக்கிற ஆள் ஒருவர்தான்.

"தம்பி, உன் மாமனாருக்கு இடது கைப் பழக்கமா?"

அவன் சிரித்துவிட்டான். "எப்படிக்கா தெரியும்? அவரும் டெய்லர்தான். பஸ் நிலையத்துக்கு எதிர்ல கடை."

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, இல்லாத நூலைத் தேட மேஜைக்கு அடியில் குனிந்தேன்.

அவர் என் கூடப்பிறந்த அண்ணன். இந்தப் பையன் என் அண்ணன் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். நான் அவளுடைய அத்தை என்று அவனுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? அண்ணனும் நானும் பேசிக்கொள்வதை நிறுத்தி வருஷக்கணக்கு ஆகிறது.

ஒரே கடையில்தான் இருந்தோம். ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது, நான் எடுத்த காஜாவைத் தூக்கிக் காட்டி, "எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்றார். கடையே சிரித்தது. எனக்கு உச்சந்தலையில் ஏறியது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள்தான்; கத்தரிக்கோல் அவருடையது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. திருப்பிக் கொடுக்கவில்லை. அதே தெருவின் மறுகோடியில் கடை போட்டேன். அன்றிலிருந்து அவரை நொட்டாங்கை என்றுதான் சொல்வேன், பேர் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு அண்ணி வந்து அழைத்தாள். அவர் வரவில்லை. அவர் வராத அழைப்புக்கு நான் போவதாக இல்லை.

"அவர் டெய்லர்னா அவரே தச்சுக் குடுத்திருக்கலாமே?" என்று குனிந்தபடியே கேட்டேன்.

பையன் முகம் கொஞ்சம் சுருங்கியது. "அவர் தச்சுத் தரேன்னுதான் சொன்னார். எங்கம்மாதான், 'தெருக்கடையில தச்சது வேண்டாம், நல்ல கம்பெனிக் கோட்டா வாங்கிக் குடுத்துடுங்க'ன்னு சொல்லிட்டாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவர் சரின்னு வாங்கிக் குடுத்துட்டார்."

வாங்கிக் கொடுத்தாராம். எனக்குத் தெரியாதா என் அண்ணனை? இன்னொருத்தன் தைத்த கோட்டைத் தன் மாப்பிள்ளைக்குப் போட்டு அழகு பார்க்க அவருக்கு உடம்பு கூசும். தானே வெட்டி, தானே தைத்து, எங்கிருந்தோ ஒரு லேபிளைப் பிடித்து ஒட்டியிருக்கிறார். கடையில் வாங்கின மாதிரி தெரிய வேண்டும் என்று கையை மட்டும் வேண்டுமென்றே நீளமாக விட்டிருக்கிறார், புத்திசாலி. அவ்வளவு யோசித்தவர், காஜாவை மட்டும் மிஷினில் கொடுத்து ஓட்டியிருக்கக் கூடாதா? கோட்டுக் கையில் இருக்கிற காஜாவை வெட்டாமல் விட்டிருக்கக் கூடாதா? முடியாது. மனுஷனுக்குப் பொய் சொல்ல வரும், பொய்யாக ஒரு காஜா எடுக்க வராது.

"நல்லபடியா பண்ணிக் குடுங்கக்கா" என்று பையன் கிளம்பும்போது சொன்னான். "என் தாய்மாமா இந்தக் கம்பெனிக் கடையிலதான் மேனேஜர். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரார். கோட்டைப் பார்க்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். போட்டோவுல பார்த்துட்டு, இந்த நீலம் எங்க கடையில பார்த்ததே இல்லையே, கொண்டா பிரிச்சுப் பார்க்கிறேன்னு சொல்லிட்டே இருக்கார்."

போச்சு. தினமும் அந்தக் கோட்டுகளைத் தொடுகிற மனுஷன். பொத்தானைப் போட்டுக் கழற்றினாலே போதும், விரல் சொல்லிவிடும். சம்பந்தி வீட்டுக் கூடத்தில், எல்லார் முன்னாலும், "இது எங்க கோட்டே இல்ல, போலி" என்பார். பெண்ணைக் கொடுக்கிறவர் போலிச் சரக்கைக் கொடுத்து ஏமாற்றினார் என்று ஆகும். அண்ணன் தலைகுனிந்து நிற்பார். அந்தப் பெண் கல்யாணத்துக்கு முன்பே அந்த வீட்டில் வாயைத் திறக்க முடியாதவளாக ஆகிவிடுவாள். நான் தூக்கி வளர்த்த பெண். என் மடியில் உட்கார்ந்து பொத்தான் டப்பாவைக் கொட்டிக் கவிழ்த்த பெண்.

பையன் போனதும் என் வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"நல்லா மாட்டினார் உங்கண்ணன்" என்றார். "உனக்கு வேணுங்கிறது இதானே?"

"இதான்" என்றேன். சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். இருக்கவில்லை.

கையைப் பிரித்தேன். உள்ளே பார்த்தால் கோபம் இன்னும் ஏறியது. மார்பு விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கித்தான் துணியைக் கம்பெனிக்காரர்கள் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். இங்கே சாய்வுத் தையலாக, வெளியே தெரியாமல், ஆயிரக்கணக்கில் கையால் பிடித்திருந்தது. எத்தனை நாள் உட்கார்ந்தாரோ. ஒரு இடத்தில்கூட அலுப்பில் நீண்டுபோன தையல் இல்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்று முடிவு பண்ணிவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில் இவ்வளவு வேலை. பைத்தியக்கார மனுஷன்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றார் வீட்டுக்காரர். "காஜாவையெல்லாம் பிரிச்சுட்டு மிஷின்ல ஓட்டிக் கொண்டா. எப்படியும் ஓட்டை இருக்கு, அதும்மேலயே அகலமா ஓடிடும். மேனேஜர் பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டார்."

யோசனை சரியானதுதான். லேபிளும் காஜாவும் ஒரே கோட்டில் குடியிருக்க முடியாது. ஏதாவது ஒன்று போக வேண்டும். காஜா போனால் அண்ணன் மானம் தப்பும். அதோடு, மனசுக்குள் ஒரு குரல் சொன்னது, நொட்டாங்கையின் காஜாவை நான் பிரித்துப் போட்டதாகவும் இருக்கும், அதுவும் அவர் நல்லதுக்காகவே. எலி கடித்தால் எப்படி இருக்கும் என்று காட்டிவிடலாம்.

பிரிப்பு ஊசியை எடுத்தேன். முன்பக்க முதல் காஜாவின் வட்ட முனையில் வைத்தேன். ஒரு முடிச்சை அறுத்தால் போதும், மற்றவை தானாக வரும்.

கை ஓடவில்லை. எனக்கு அவர் மேல் ஆயிரம் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முனையை அந்த மாதிரித் திருப்ப நான் இத்தனை வருஷமாக முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அதை அறுக்க எனக்கு என்ன உரிமை? எனக்கு அழுகை வந்தது. கோட்டின் மேல் சிந்தக்கூடாது என்று தள்ளி நின்று அழுதேன்.

பிறகு பிரிப்பு ஊசியை லேபிள் பக்கம் கொண்டுபோனேன். அது சட்டென்று வந்துவிட்டது. அதையும் அவர் கண்ணுக்குத் தெரியாத தையலில்தான் பிடித்திருந்தார், ஆனாலும் எனக்குக் கொஞ்சம்கூட வலிக்கவில்லை. அந்த இடத்தில் ஈரத்துணி வைத்து வீட்டுக்காரரிடம் இஸ்திரி போடச் சொன்னேன். துளை மூடிக்கொண்டது. அப்புறம் உட்கார்ந்து இரண்டு கையையும் ஏற்றினேன். தோள் வளைவில் சுருக்கம் விழாமல், கை லேசாக முன்னால் சாய்ந்து தொங்கும்படி, பிரித்துப் பிரித்து மூன்று தடவை குண்டூசி குத்திப் பார்த்து ஏற்றினேன். அந்த மனுஷன் கோட்டில் என் வேலை இளிக்கக்கூடாது.

சனிக்கிழமை பையன் வந்தான். போட்டுப் பார்த்தான், கண்ணாடியில் தன்னைத் தானே பார்த்துப் பூரித்தான். மார்பைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, லேபிள்?"

"எடுத்துட்டேன். அது பொய் லேபிள்."

முகம் செத்துப்போயிற்று. "அப்ப கோட்டு போலியா?"

"லேபிள்தான் போலி. கோட்டு போலி இல்ல. இங்க வா." அந்தக் கம்பெனியின் கோட்டு ஒன்று பழுதுக்கு வந்து கொக்கியில் தொங்கியது. இரண்டையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "அதுல விரலை வை. இப்ப இதுல வை."

வைத்தான். மறுபடி வைத்தான்.

"அது மிஷின் அடிச்சது. இது ஒருத்தர் உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்தது. முடிச்சு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு பாரு. இடது கை." மனசைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன். "உங்க வீட்ல வேண்டாம்னு சொன்னாங்களே, அந்தத் தெருக்கடையில தச்சது. உன் அளவுக்குன்னே தச்சது. நாளைக்கு உன் மாமா கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி உனக்குத் தெரியட்டும்னு சொல்றேன். இனி நீ பார்த்துக்கோ. அவரைக் கேவலப்படுத்தணும்னா அதுவும் உன் கையிலதான் இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான். "நீங்க யாருக்கா?" என்று கேட்டான்.

"டெய்லர்" என்றேன். "எடுத்துட்டுப் போ, கூட்டம் வருது." கடையில் ஈ காக்கா இல்லை.

அவன் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன்டி உனக்கு இந்த வேலை, வாயை மூடிக்கொண்டு கையைக் குறைத்தோமா கொடுத்தோமா என்று இருக்கக்கூடாதா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் வேறு, "ஒருவேளை கல்யாணம் நின்னுட்டா?" என்று ஆறுதலாகக் கேட்டார்.

திங்கட்கிழமை கடையைத் திறந்து மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அண்ணன். தலை நரைத்துவிட்டது. தோளில் ஒரு துணிப்பை.

"லேபிளைப் பிரிச்சது யாரு?"

இத்தனை வருஷம் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"நான்தான்."

"யாரைக் கேட்டுப் பிரிச்ச?"

"யாரைக் கேட்டு ஒட்டினே? ஒட்டினவன் ஒழுங்கா ஒட்டியிருக்கணும். பொய்க் கோட்டுக்கு இப்படியா காஜா எடுப்பாங்க? கண்ணில்லாதவன் தொட்டாலே தெரியும்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை சனிக்கிழமை சாயங்காலமே வந்துட்டான். அம்மாவையும் கூட்டிட்டு" என்றார். "கடை வாசல்ல நின்னு அவங்க விரலைப் பிடிச்சு காஜா மேல வச்சான். லேபிள் இல்லாமத்தான் போட்டுக்குவேன், யார் கேட்டாலும் எங்க மாமனார் தச்சதுன்னு சொல்லுவேன்னான். அந்தம்மா காஜாவைத் தடவிட்டே நின்னாங்க. அப்புறம் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, மன்னிச்சுக்குங்கண்ணேன்னாங்க."

"மேனேஜர்?"

"நேத்து வந்தார். பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழட்டினாராம். போகும்போது, எங்க கடையில இந்த மாதிரி இல்லன்னாராம். அவ்வளவுதான்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கையை நீதான ஏத்தினே?"

"ஆமா. குறை இருந்தா சொல்லு, கேட்டுக்கறேன்."

"பார்த்தேன். தேடித்தான் பார்த்தேன்." நிறுத்தினார். "ஒண்ணும் இல்ல."

பைக்குள்ளிருந்து ஒரு கோட்டை எடுத்து மேஜையில் விரித்தார். பழுப்பு நிறம். அவர் அளவு. கல்யாணத்துக்கு அவர் போட்டுக்கொள்ளப் போவது. எல்லாம் முடிந்திருந்தது, முன்பக்கத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்ததே தவிர, காஜா இல்லை.

"எனக்கு நேரமில்ல. நீ எடுத்துடு" என்றார்.

காஜாவுக்கு நேரமில்லை என்று அந்த மனுஷன் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. பெண்ணைப் பெற்றவர், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், எல்லார் கண் முன்னாலும், அந்த மேனேஜர் உட்பட, நாள் முழுக்க அந்தக் கோட்டோடு நிற்கப் போகிறார்.

"எலி கடிச்ச மாதிரிதான் வரும்" என்றேன்.

"வரட்டும்" என்றார். "யார் எடுத்ததுன்னு கேட்டா, என் தங்கச்சின்னு சொல்லிக்கறேன். நீ பக்கத்துல வந்து நின்னா போதும்."

நான் மேஜை இழுப்பறையைத் திறந்து, அவருடைய கத்தரிக்கோலை எடுத்து முதல் சுண்ணாம்புக் கோட்டில் வைத்தேன்.